மில்லி கேட்டால் எடை கேட்பார்கள்

மழைக்காலம் தொடங்கினால் மருந்துக்கடைத் தொலைபேசிகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்குது. வீட்ல சிரப் இருக்கு. எத்தனை மில்லி ஊத்தணும்?" கேட்பவருக்கு இது ஒரு எண்ணில் முடிகிற கேள்வி. ஆனால் மறுமுனையில் இருக்கும் மருந்தாளுநர் எண்ணைச் சொல்லாமல் கேள்விகளைத் திருப்பிப் போடுவார். மருந்தின் பெயர் என்ன, குழந்தைக்கு எத்தனை மாதம், எத்தனை கிலோ, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? இதையெல்லாம் சொல்லத் தெரியாதபோது, "டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிடுவார். கேட்டவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பாராசிட்டமால்தானே, அதற்கு இவ்வளவு விசாரணையா?

பாராசிட்டமால் என்பதால்தான் இவ்வளவு விசாரணை. நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் இந்த மருந்தை வைத்தே, அந்தக் கேள்விகளில் ஒன்று குறைந்தால்கூட ஏன் பதில் சொல்ல முடியாது என்று பார்த்துவிடலாம்.

மில்லி என்பது மருந்தின் அளவு அல்ல

ஒரு கற்பனைக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பதினான்கு மாத ஆண் குழந்தை, எடை 8 கிலோ. காய்ச்சல் 101 டிகிரி. அம்மா கடைக்கு போன் செய்கிறார்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல். சிரப் எவ்வளவு கொடுக்கலாம்?"

"என்ன சிரப்புமா? பாட்டிலைக் கையில எடுத்துப் படிங்க."

"காய்ச்சல் சிரப்புதாண்ணா. போன மாசம் உங்க கடையிலதான் வாங்கினோம்."

"அது சரிம்மா. பேருக்குக் கீழே சின்ன எழுத்துல 'ஈச் 5 எம்.எல். கன்டெய்ன்ஸ்'னு இருக்கும். அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு, அதைச் சொல்லுங்க."

அந்தச் சின்ன எழுத்து வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. உடலுக்குள் வேலை செய்வது பாராசிட்டமால் என்ற மருந்துப் பொருள். அது மில்லிகிராமில் அளக்கப்படுகிறது. மில்லி லிட்டர் என்பது அந்த மருந்தைக் கலந்து வைத்திருக்கும் இனிப்பு நீரின் அளவு. எத்தனை மில்லி என்று முடிவு செய்ய வேண்டுமானால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தியக் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் பெரும்பாலும் மூன்று அடர்த்திகளில் கிடைக்கிறது. ஒன்று கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அடுத்தது 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப். மூன்றாவது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள, கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கான சிரப். மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வருவது சகஜம்.

பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, இந்த மூன்றில் மிக அடர்த்தியானது பச்சிளம் குழந்தைக்கான சொட்டு மருந்துதான். முதல் டிகாக்‌ஷனுக்கும் தண்ணீர் விட்டு இறக்கிய இரண்டாம் டிகாக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசம் இது. கைக்குழந்தை ஒரு கரண்டி மருந்தை விழுங்காது, துப்பிவிடும். அதனால் தேவையான மருந்தை ஒரு மில்லிக்குள் அடக்கித் தருகிறார்கள். சின்னக் குழந்தைக்கான மருந்து என்பதால் வீரியம் குறைவாக இருக்கும் என்று நம்பி, சிரப்பைப் போலவே 5 மில்லி ஊற்றினால் விபரீதம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. அங்கே கைக்குழந்தைகளுக்கான சொட்டு 0.8 மில்லியில் 80 மில்லிகிராமாகவும், பெரிய குழந்தைகளுக்கான திரவம் 5 மில்லியில் 160 மில்லிகிராமாகவும் விற்கப்பட்டது. இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் தவறுகளைத் தடுக்க, 2011இல் அந்நாட்டுத் தயாரிப்பாளர்கள் அடர்த்தியான சொட்டைக் கைவிட்டு, இரு வயதினருக்கும் 5 மில்லியில் 160 மில்லிகிராம் என்ற ஒரே அடர்த்திக்கு மாறுவதாக அறிவித்தார்கள். நம் கடைகளில் மூன்று அடர்த்திகளும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் இருக்கின்றன. எனவே எந்த பாட்டில் என்று தெரியாமல் மில்லியைச் சொல்வது, எந்தப் பேருந்து என்று கேட்காமல் டிக்கெட் கிழிப்பதைவிட மோசமான வேலை.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

காய்ச்சலுக்கான பாராசிட்டமாலை மருத்துவர்கள் எடைக்கு ஏற்பக் கணக்கிடுகிறார்கள். ஒரு வேளைக்கு, கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு அதிகபட்சம் நான்கு முறை. நாள் முழுவதற்கும் சேர்த்து கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

நம் 8 கிலோ குழந்தைக்கு மேல்வரம்பான 15ஐ வைத்துக் கணக்கிட்டால் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். இது சொட்டு மருந்தில் 1.2 மில்லி. 120 மில்லிகிராம் சிரப்பில் 5 மில்லி. 250 மில்லிகிராம் சிரப்பில் 2.4 மில்லி. ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல், ஒரே மருந்து. ஆனால் சரியான பதில்கள் மூன்று.

இப்போது, அந்த அம்மாவிடம் கடைக்காரர் ஒன்றும் விசாரிக்காமல் "அஞ்சு மில்லி கொடுங்கம்மா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்? வீட்டில் இருந்தது 120 சிரப் என்றால் பிழைத்தோம். அக்காவுக்கு வாங்கி வைத்த 250 சிரப் என்றால் தேவையைப்போல இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும். சொட்டு மருந்து என்றால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம். அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பே 480 மில்லிகிராம்தான். அதையே மூன்று வேளை கொடுத்தால் 1500 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 187 மில்லிகிராமுக்கு மேல். கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று மருத்துவர்கள் அஞ்சும் அளவு அது. சொட்டு மருந்து பாட்டில் பெரும்பாலும் 15 மில்லிதான். கட்டை விரல் உயர பாட்டில் ஒன்று, ஒரு நாளில் காலியாகியிருக்கும்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். சொட்டு மருந்துக்குச் சொன்ன 1.2 மில்லியை 120 சிரப்பில் அளந்து கொடுத்தால் குழந்தைக்குப் போவது 29 மில்லிகிராம்கூட இல்லை. காய்ச்சல் இறங்காது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அடுத்த மருந்தைத் தேடுவார்கள். குறைந்த அளவின் ஆபத்து, அதன் பின்னால் வரும் இந்த இரண்டாவது மருந்தில் இருக்கிறது.

"காய்ச்சல் மருந்து" என்று ஒரு மருந்து இல்லை

பெயரைக் கேட்பதற்கு அடர்த்தி மட்டும் காரணமல்ல. வீட்டில் காய்ச்சல் மருந்து என்று அழைக்கப்படும் பாட்டிலில் பாராசிட்டமால் மட்டும் இருக்கலாம். பாராசிட்டமாலும் இபுபுரூபனும் கலந்திருக்கலாம். மெஃபனமிக் அமிலமாகவும் இருக்கலாம். இபுபுரூபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், டெங்கு பரவும் மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நிமெசுலைடு என்ற காய்ச்சல் மருந்து ஒருகாலத்தில் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2011இல் இந்திய அரசு பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தடைசெய்தது.

இதைவிட அடிக்கடி நடப்பது இரட்டிப்பு. காய்ச்சலுக்கு ஒரு சிரப், சளிக்கு ஒரு சிரப் என்று வீட்டில் இரண்டு பாட்டில்கள் இருக்கும். சளி மருந்தின் சின்ன எழுத்தைப் படித்தால் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் ஆகியவற்றோடு பாராசிட்டமாலும் பல தயாரிப்புகளில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சரியான அளவில்தான் கொடுத்தோம் என்று பெற்றோர் நினைப்பார்கள். குழந்தையின் கல்லீரலுக்கு இரண்டு பாட்டில்களின் பாராசிட்டமாலும் சேர்ந்து ஒரே கணக்கு. மேலும், குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. "வேற என்ன மருந்து கொடுத்துட்டு இருக்கீங்க?" என்ற கேள்வி வருவது இதனால்தான்.

வயது தெரிந்தால் போதாதா?

எடை தெரியாது என்று சொல்லும் பெற்றோர் வயதைச் சொல்வார்கள். வயதை வைத்து அளவு சொல்லும் அட்டவணைகளும் உண்டு. பிரிட்டனில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. சராசரிக் குழந்தைக்கு அது பொருந்தும். ஆனால் சராசரியைச் சுற்றிக் குழந்தைகள் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு வயது ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ. 7.7 கிலோவிலிருந்து 12 கிலோ வரை இருந்தால் இயல்பு வரம்புக்குள் இருப்பதாகவே கொள்வார்கள். 12 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் என்பது கிலோவுக்குச் சரியாக 10. அதே அளவு 7.7 கிலோ குழந்தைக்குக் கிட்டத்தட்ட 15.6, உச்ச வரம்பை லேசாகத் தாண்டிவிட்டது. ஆறரைக் கிலோ மட்டுமே உள்ள மெலிந்த குழந்தைக்கு 18க்கும் மேல். நான்கு வேளை கொடுத்தால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 70ஐத் தாண்டும்.

இந்தக் கடைசிக் குழந்தை அபூர்வமானது அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். நன்கு வளர்ந்த குழந்தைகளை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை, இவர்களுக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகவே மருந்து சொல்லும். சத்துக்குறைவான உடலில் பாராசிட்டமாலின் நச்சைச் சமாளிக்கும் சேமிப்பும் குறைவு. பாராசிட்டமால் கல்லீரலில் உடையும்போது அதன் ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டத்தயோன் என்ற பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. மருந்து மிஞ்சினால் நச்சு கூடும். பட்டினியும் சத்துக்குறைவும் இருந்தால் குளுட்டத்தயோன் குறையும். சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் மெலிந்த குழந்தைக்கு இரண்டும் ஒன்றாக நேரலாம்.

மிகப் பருமனான குழந்தைகளிடம் இது எதிர்ப்பக்கமாகச் சிக்கலாகும். எடையை அப்படியே பெருக்கினால் பெரியவர்களுக்கான அளவையே தாண்டிவிடும். கொழுப்பு கூடிய விகிதத்தில் கல்லீரலின் திறன் கூடுவதில்லை. அதனால் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட்டு, பெரியவர்களுக்கான உச்ச அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

எடை தெரிந்தால் வயது எதற்கு?

இதற்கான விடையை மருத்துவ உலகம் 1950களின் இறுதியில் மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. அப்போது குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் பரவலாகப் பயன்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிடாமல் தடுக்கவும் அதைக் கொடுத்தார்கள். எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் மருந்து பெற்ற குழந்தைகள் சில நாட்களில் வாந்தியெடுத்து, வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் 1959இல் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது 'சாம்பல்நிறக் குழந்தை நோய்க்குறி' என்று மருத்துவப் பாடநூல்களில் இடம்பெற்றது.

காரணம் கல்லீரலின் வயது. வளர்ந்தவர்களின் கல்லீரல் குளோராம்ஃபெனிகாலோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி, நீரில் கரையவைத்துச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். அந்த ஒட்டும் வேலையைச் செய்யும் நொதி, பிறந்த குழந்தையிடம் இன்னும் முதிர்ந்திருக்காது. சிறுநீரகமும் அப்படியே. ஒவ்வொரு வேளை மருந்தும் வெளியேறாமல் முந்தைய வேளையின் மேல் சேர்ந்துகொண்டே போனது. கிலோ கணக்கு சரியாக இருந்தும் குழந்தைகள் இறந்ததற்கு, அந்தக் கணக்கு எத்தனை நாள் குழந்தைக்கு என்று கேட்காததே காரணம்.

பாராசிட்டமால் குளோராம்ஃபெனிகால் அளவுக்குக் கொடுமையானது அல்ல. ஆனாலும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அதன் அளவும் இடைவெளியும் வேறு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே கடுமையான தொற்று இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். அந்த வயதில் "எத்தனை மில்லி?" என்ற கேள்விக்கு மருந்தாளுநர் தரக்கூடிய பொறுப்பான பதில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதுதான். வயதைக் கேட்காமல் இருந்தால் அந்தப் பதிலைச் சொல்லவே முடியாது.

வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு நல்ல உடற்கட்டு உள்ளவர்களை மனதில் வைத்தது. 40 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது அருந்துகிறவர்கள் ஆகியோருக்கு அளவைக் குறைத்தாக வேண்டும்.

கடைக்குப் பேசும் முன்

எனவே போனை எடுப்பதற்கு முன் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைவிட அதன் கீழுள்ள உட்பொருள் வரிதான் முக்கியம். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் சொல்லுங்கள். எடைக்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்ட நாளின் அட்டையைப் பார்க்கலாம். அது பழையது என்றால், வீட்டு எடைமெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியே ஒருமுறையும் ஏறி, வித்தியாசத்தைக் கழித்தால் போதும். மருந்துக் கணக்குக்கு இந்த அளவு துல்லியம் தாங்கும்.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி வேண்டாம். டீஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு மாறும். இரண்டரை மில்லி பிடிப்பதும் உண்டு, ஏழு மில்லி பிடிப்பதும் உண்டு. பாட்டிலோடு வரும் மூடியோ சொட்டுக்குழாயோ அந்த பாட்டிலுக்கு மட்டுமே உரியது. ஒரு சொட்டுக்குழாயை வேறு பாட்டிலில் விட்டு அளந்தால் முன்பு பார்த்த அடர்த்திக் குழப்பம் மறுபடி வந்துவிடும். 2.4 மில்லி போன்ற அளவுக்கு ஊசியில்லாத சிரிஞ்சுதான் நம்பகமானது. பல சிரப்புகளில் மருந்து அடியில் படியும்; அட்டையில் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்காமல் ஊற்றக் கூடாது.

அளவு தவறிவிட்டது என்று தோன்றினால் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் மிகையான முதல் நாளில் வாந்தியும் சோர்வும் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். காய்ச்சலால் வந்த சோர்வு என்று நினைத்துவிடுவார்கள். கல்லீரல் பாதிப்பு ரத்தப் பரிசோதனையில் தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். உச்சத்தை எட்டுவது மூன்றாவது, நான்காவது நாளில். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அப்போது பாட்டிலோடு அவசரப் பிரிவுக்குப் போனால் அங்கேயும் முதலில் கேட்பது மருந்தின் பெயர், அடர்த்தி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, குழந்தையின் வயது, எடை. அசிட்டைல்சிஸ்டீனுக்கும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கு.